பலன் எவ்வளவு, ஆட்டம் எவ்வளவு? – சேமிப்பைக் கலக்கும் ஒரு கணக்கு



நம்மில் பலருடைய வீட்டில் இன்றோ நாளையோ எழப்போகும் கேள்வி இது. பொன்மலை ஒர்க்ஷாப்பிலோ, திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையிலோ முப்பது வருஷம் உழைத்துவிட்டு அப்பா ரிடையர் ஆகிறார். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று கையில் ஒரு தொகை வருகிறது. உடனே ஆளுக்கு ஒரு யோசனை! "போஸ்ட் ஆபீஸ்ல போட்டுட்டு நிம்மதியா இருங்க" என்பார் சித்தப்பா. "எல்லாத்தையும் ஷேர்ல போடுங்க மாமா, பத்து வருஷத்துல மூணு மடங்கு" என்பார் அத்தை பையன். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே ஒரே ஒரு எண்ணை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஒருவர் பார்ப்பது ஆட்டத்தை, மற்றவர் பார்ப்பது பலனை.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. நாம் முதலாம் ஆண்டில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடும், ஸ்டாட்டிஸ்டிக்ஸில் படித்த திட்டவிலக்கமும் தெரிந்தால் போதும். ஸ்ரீரங்கத்தில் ஒரு குடும்பம், கையில் 10 லட்சம் ரூபாய் என்று கற்பனையாக வைத்துக்கொண்டு கடைசிவரை போட்டுப் பார்ப்போம்.

விகிதம் என்பது ஒரு சரிவுதான்

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஷார்ப் 1966-ல் 34 மியூச்சுவல் ஃபண்டுகளை எடுத்து, 1954 முதல் 1963 வரை அவை எப்படி நடந்துகொண்டன என்று ஆராய்ந்தார். யார் அதிகம் சம்பாதித்தார் என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஃபண்டும் தான் கொடுத்த ஆட்டத்துக்கு ஈடாக எவ்வளவு பலன் கொடுத்தது என்று பார்த்தார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் பலன்–ஆட்ட விகிதம். இன்று உலகமே அதை ஷார்ப் விகிதம் என்கிறது. அந்த 34 ஃபண்டுகளில் டௌ ஜோன்ஸ் என்ற சாதாரணப் பங்குக் குறியீட்டை இந்த அளவுகோலில் ஜெயித்தவை 11 மட்டுமே! 1990-ல் ஷார்ப்புக்கு நோபல் பரிசு பங்கிட்டு வழங்கப்பட்டது.

விகிதம் இதுதான்:

S = (R − r) / σ

R என்பது ஷேர் கூடையின் சராசரி வருடப் பலன். r என்பது ஒரு ஆபத்தும் இல்லாமல் சும்மா கிடைக்கும் வட்டி. σ என்பது பலன் வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு ஆடுகிறது என்பதன் அளவு, அதாவது திட்டவிலக்கம். மேலே R-ஐ மட்டும் போடாமல் r-ஐ ஏன் கழிக்கிறோம்? சும்மா இருந்தாலே கிடைக்கும் வட்டிக்கு ரிஸ்க் எடுத்ததாகப் பெருமை பேசக் கூடாது அல்லவா? அதற்கு மேலே கிடைத்தது எவ்வளவோ, அதுதான் ரிஸ்க்குக்குக் கிடைத்த கூலி.

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு இது சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம் மாதிரி. சிவில் நண்பர்களுக்கு இது ஒரு கிரேடியன்ட். மலைக்கோட்டை ஏறும்போது ஒரு அடி முன்னே வைத்தால் எத்தனை அங்குலம் மேலே போகிறோம் என்பது போல, ஒரு சதவீதம் ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டால் எத்தனை சதவீதம் கூடுதல் பலன் என்பதே S.

இரண்டு பத்தாண்டுகள்

இப்போது உண்மையான எண்களுக்கு வருவோம். மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் ஒவ்வொரு டிசம்பர் முடிவிலும் எங்கே நின்றது என்பதை வைத்து வருடப் பலனைப் போடலாம். டிவிடெண்ட் இதில் சேராது, அது தனி.

2004 முதல் 2013 வரை: 13.1, 42.3, 46.7, 47.1, −52.4, 81.0, 17.4, −24.6, 25.7, 9.0 சதவீதம்.

2014 முதல் 2023 வரை: 29.9, −5.0, 1.9, 27.9, 5.9, 14.4, 15.8, 22.0, 4.4, 18.7 சதவீதம்.

முதல் வரிசையைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 20.5. இரண்டாவது வரிசையின் சராசரி 13.6. இதோடு நிறுத்தினால் முதல் பத்தாண்டுதான் அமோகம் என்று தோன்றும். திட்டவிலக்கத்தையும் போடுங்கள். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து, வர்க்கமாக்கி, கூட்டி, பத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் முதல் பத்தாண்டுக்கு σ சுமார் 36, இரண்டாவதற்குச் சுமார் 11.

ஆபத்தில்லா வட்டியை 7 சதவீதம் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். (2020 ஏப்ரலில் பி.பி.எஃப். வட்டி 7.1 ஆக நிர்ணயிக்கப்பட்டது. அதன் அக்கம்பக்கத்து எண்தான் இது.)

முதல் பத்தாண்டு: S = (20.5 − 7) / 36 = 0.37
இரண்டாவது பத்தாண்டு: S = (13.6 − 7) / 11 = 0.60

சராசரி குறைவாக இருந்த பத்தாண்டில்தான் ரிஸ்க்குக்கு நல்ல கூலி! இது வெறும் காகிதக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். சென்செக்ஸ் 2003 முடிவில் 5,839. 2013 முடிவில் 21,171. அதாவது 3.6 மடங்கு. அங்கிருந்து 2023 முடிவில் 72,240. அது 3.4 மடங்கு. சராசரியில் ஏழு சதவீதம் வித்தியாசம் இருந்தும் கையில் வந்தது கிட்டத்தட்ட ஒன்றுதான். மீதி எங்கே போனது? ஆட்டம் தின்றுவிட்டது. 100 ரூபாய் 50 சதவீதம் இறங்கினால் 50. பழைய இடத்துக்கு வர 50 சதவீதம் ஏறினால் போதாது, 100 சதவீதம் ஏற வேண்டும்.

தண்ணீர் கலந்த மோர்

இனிதான் முக்கியமான விஷயம். மொத்தப் பணத்தில் w பங்கை ஷேர் கூடையிலும், மிச்சத்தை ஆபத்தில்லாத இடத்திலும் போடுகிறோம். ஆபத்தில்லாத பகுதி ஆடாது. ஆகவே மொத்த ஆட்டம் w மடங்குதான். பலனும் அதே அளவில் மாறும்:

பலன் = r + w (R − r)
ஆட்டம் = w σ

இரண்டிலிருந்தும் w-ஐ நீக்கினால் கிடைப்பது:

பலன் = r + S × ஆட்டம்

நமக்குப் பழகிய y = mx + c தானே இது! கிராஃப் பேப்பரில் படுக்கை அச்சில் ஆட்டம், செங்குத்து அச்சில் பலன். கோடு 7-ல் புறப்படுகிறது, சரிவு S. ஷேர் கூடை என்பது சந்தையில் உள்ள அத்தனை பங்குகளையும் அவற்றின் மதிப்புக்கு ஏற்ற விகிதத்தில் கொண்டதாக இருந்தால், இந்தக் கோட்டுக்கு மூலதனச் சந்தைக் கோடு என்று பெயர். சென்செக்ஸில் இருப்பது 30 கம்பெனிகள் மட்டும். முழுச் சந்தைக்குப் பதிலாக ஒரு மாதிரி என்று அதை எடுத்துக்கொள்கிறோம்.

இங்கே கவனிக்க வேண்டியது, w-ஐ மாற்றினால் S மாறுவதில்லை. மோரில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அது எந்தப் பாலின் மோர் என்பது மாறாது. ஆகவே கேள்வி இரண்டாகப் பிரிகிறது. எந்தக் கூடை என்பது ஒன்று. அதில் எவ்வளவு என்பது இன்னொன்று. 1958-ல் ஜேம்ஸ் டோபின் என்ற பொருளாதார அறிஞர் இதை எடுத்துக்காட்டினார். முதல் கேள்விக்கு எல்லாருக்கும் ஒரே பதில்தான்: S எதில் அதிகமோ அது. இரண்டாவது கேள்விக்குத்தான் வீட்டுக்கு வீடு பதில் மாறும்.

இதைத் தெரியாமல் நம் ஆட்கள் செய்வது என்ன? "நமக்கு வயசாயிடுச்சு, சாதுவான ஷேரா பாத்து வாங்குவோம்" என்று நாலு கம்பெனியைப் பொறுக்குகிறார்கள். அந்தச் சாதுவான கூடையின் சராசரிப் பலன் 10.6, ஆட்டம் 9 என்று வைப்போம். S = 3.6 / 9 = 0.40. அதே ஆட்டம் 9 வரும்படி குறியீட்டுக் கூடையில் 82 சதவீதமும், மிச்சத்தை ஆபத்தில்லா வட்டியிலும் போட்டால் பலன் 7 + 0.60 × 9 = 12.4. ஆட்டம் ஒன்றே, பலன் 1.8 சதவீதம் கூடுதல். 10 லட்சத்துக்கு வருஷம் 18,000 ரூபாய்! சாதுவாக இருக்க வேண்டுமானால் கூடையை மாற்ற வேண்டாம், தண்ணீரைக் கூட்டினால் போதும்.

இரண்டு கூடைகளை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. இரண்டுக்கும் அதே வருஷங்களை எடுக்க வேண்டும். ஒன்றுக்கு 2004 முதல், மற்றொன்றுக்கு 2014 முதல் என்று போட்டால் என்ன ஆகும் என்று மேலே பார்த்துவிட்டோம். அங்கே கூடை மாறவில்லை, காலம்தான் மாறியது.

எவ்வளவு கலப்பது?

பாடப் புத்தகம் சொல்லும் சூத்திரம்:

w = (R − r) / (A × σ²)

எண்களைத் தசமத்தில் போட வேண்டும் (7 சதவீதம் என்றால் 0.07). A என்பது அந்த வீட்டின் பயத்தின் அளவு. வேலையில் இருக்கும் இளைஞருக்கு 2 அல்லது 3, பென்ஷன் இல்லாத பெரியவருக்கு 7 அல்லது 8 என்று வைக்கலாம். நமது ஸ்ரீரங்கத்துக் குடும்பத்துக்கு A = 7 என்போம். தங்கைக்குக் கல்யாணம் செய்ய வேண்டும், ஆகவே பயம் நியாயமானதுதான்.

2014–2023 எண்களைப் போட்டால்: 0.066 / (7 × 0.0121) = 0.78. அதாவது பயந்த சுபாவமுள்ள குடும்பமே 78 சதவீதத்தை ஷேரில் போடலாம் என்கிறது கணக்கு!

இப்போது இருபது வருஷத்தையும் சேர்த்துப் போடுவோம். சராசரி 17, σ 27. w = 0.10 / (7 × 0.0729) = 0.20. வெறும் 20 சதவீதம்!

அதே குடும்பம், அதே சூத்திரம், அதே சென்செக்ஸ். விடை மட்டும் நாலு மடங்கு வித்தியாசம். காரணம் கீழே இருக்கும் σ². ஆட்டத்தைக் குறைத்து மதிப்பிட்டால் தப்பு வர்க்கமாகப் பெருகிக்கொண்டு வரும். நாம் பார்த்த பத்து வருஷம் அமைதியாக இருந்தது என்பதால் அடுத்த பத்து வருஷமும் அப்படியே இருக்கும் என்று எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை. பாலம் கட்டுகிறவர் போன வருஷத்து வெள்ளத்தை மட்டும் பார்த்துத் தூண் உயரத்தை வைப்பதில்லை. நமக்குத் தெரிந்த மிகப் பெரிய வெள்ளத்தைத்தான் பார்ப்பார்.

நம் கணக்கில் அந்த வெள்ளம் 2008. அந்த ஒரு வருஷத்தில் 10 லட்சம் என்ன ஆகியிருக்கும்?

எல்லாம் ஷேரில் (w = 1): 4.76 லட்சம்
78 சதவீதம் ஷேரில்: சுமார் 6.07 லட்சம்
20 சதவீதம் ஷேரில்: சுமார் 9.51 லட்சம்

மூன்றாவது வரியைப் பாருங்கள். ஷேர் பகுதி 2 லட்சம் 95,000 ஆகச் சுருங்கியது. ஆனால் 8 லட்சம் வட்டியோடு 8.56 லட்சம் ஆனது. மொத்த நஷ்டம் 49,000 ரூபாய்க்குள். கல்யாணம் நிற்காது. முதல் வரியில் இருந்த குடும்பத்துக்கு 2009 தை மாதம் முகூர்த்தம் வைத்திருந்தால்? "சந்தை மறுபடி ஏறும்" என்று மண்டபத்துக்காரரிடம் சொல்ல முடியுமா?

ஆகவே சூத்திரத்தின் விடையை அப்படியே எடுக்காமல், அதை 2008-ல் போட்டுப் பார்ப்பது நல்லது. விழும் தொகையை ரூபாயில் எழுதி வீட்டில் எல்லாரிடமும் காட்டுங்கள். "இவ்வளவு போனாலும் தாங்குவோமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் w-ஐக் குறையுங்கள்.

கலந்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விலை மாறும்போது விகிதமும் மாறிவிடும். 2008 முடிவில் நமது குடும்பத்தின் ஷேர் பங்கு 20-லிருந்து 10 சதவீதமாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொண்டு மறுபடி 20-க்குக் கொண்டுவந்திருந்தால், 2009 முடிவில் கையில் சுமார் 11.6 லட்சம். தொடாமல் விட்டிருந்தால் 10.9 லட்சம். எல்லாம் ஷேர் என்றவரிடம் 2009-ன் 81 சதவீத ஏற்றத்துக்குப் பிறகும் 8.6 லட்சம்தான். எல்லா வருஷமும் இப்படித் திருத்துவதால் லாபம் வரும் என்று இல்லை. ஆனால் நாம் தேர்ந்தெடுத்த ஆட்டத்துக்குள்ளேயே நிற்க இதுதான் வழி.

கோட்டின் மறுபாதி

w = 1-க்கு அப்பாலும் கோடு போகும் என்று புத்தகத்தில் வரைந்திருப்பார்கள். அதாவது கடன் வாங்கி ஷேர் வாங்குவது. ஆனால் அந்த வரைபடத்தில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. அதே 7 சதவீத வட்டிக்கு நமக்கும் கடன் கிடைக்க வேண்டும்! நமக்கு யார் கொடுப்பார்கள்? 12 சதவீதத்துக்குக் கடன் கிடைத்தால், 1-க்கு மேல் சரிவு (13.6 − 12) / 11 = 0.15 தான். 0.60-ல் ஏறிக்கொண்டிருந்த கோடு அங்கே முறிந்து தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது. 14 சதவீதக் கடன் என்றால் கோடு கீழ்நோக்கியே இறங்கும். ஆட்டம் கூடக் கூடப் பலன் குறையும்!

செல்போனில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஆடும் நம் நண்பர்களுக்கும் இது பொருந்தும். அங்கே கடன் என்ற பெயர் இல்லாமலேயே சிறு முன்பணத்தில் பெரிய தொகையின் ஆட்டத்தைச் சுமக்கிறோம், கமிஷன் வேறு. 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இப்படி ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

r பொய்யானால்

கடைசியாக, இந்தக் கணக்கு முழுவதும் ஒரு ஆணியில் தொங்குகிறது. ஆபத்தில்லாதது என்று நாம் நினைப்பது உண்மையிலேயே ஆபத்தில்லாததாக இருக்க வேண்டும்.

1990-களில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. ஆண்டுக்கு 24, 30, 36 சதவீதம் வட்டி! மாசம் பிறந்தால் டாண் என்று பணம் வரும். நம் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். R மிக அதிகம், σ பூஜ்ஜியம். S முடிவிலி! அப்படி ஒரு கோடு செங்குத்தாக நிற்கும். மலைக்கோட்டையில்கூட அப்படி ஒரு படி கிடையாது. அந்தக் கம்பெனிகள் பல மூடப்பட்டு, மக்கள் ரசீதும் கையுமாக நின்ற பிறகுதான் 1997-ல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் பெர்னார்ட் மேடாஃப் வருஷா வருஷம் ஆட்டமே இல்லாத பலனைக் காட்டிக்கொண்டிருந்தார். 2008 டிசம்பரில் அது மோசடி என்று வெளியானது.

இதுவே கண்டுபிடிக்கும் வழியும்கூட. கவர்ன்மென்ட் தரும் வட்டியைவிட மிக அதிகப் பலன், ஆனால் ஆட்டமே இல்லை என்று யாராவது சொன்னால், ஆட்டம் இல்லை என்று அர்த்தமில்லை. நமக்குக் காட்டவில்லை என்று அர்த்தம். திட்டவிலக்கம் நடந்துபோன மாதங்களை மட்டுமே அளக்கும். ஒரே நாளில் ஷட்டரை இழுத்து மூடுவதை அது முன்கூட்டி அளக்காது.

ஆகவே r என்ற இடத்தில் தபால் அலுவலகச் சேமிப்பு, அரசின் டிரஷரி பில், இன்ஷூரன்ஸ் வரம்புக்குள் வங்கி டெபாசிட் ஆகியவை மட்டுமே நிற்கலாம். அந்த வரம்பு 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில், அசலும் வட்டியும் சேர்ந்து, 5 லட்சம். நமது குடும்பத்தின் 8 லட்சத்தை ஒரே வங்கியில் வைத்தால் 3 லட்சம் அந்தக் குடைக்கு வெளியே நிற்கும். இரண்டு வங்கிகளில் பிரித்தால் தீர்ந்தது.

இந்த விகிதத்துக்கும் குறைகள் உண்டு. 2009-ல் 81 சதவீதம் ஏறியதையும் அது "ஆட்டம்" என்றே எண்ணுகிறது, ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு ஒன்றுதான். வருமான வரியையும் விலைவாசியையும் நாம் இங்கே சேர்க்கவில்லை. ஆனால் சித்தப்பாவும் அத்தை பையனும் வாதாடும்போது நடுவில் உட்கார்ந்து, ஒரு பேப்பரில் கோடு போட்டு, "கூடை எது, பங்கு எவ்வளவு, 2008 வந்தா எத்தனை ரூபாய் போகும்" என்று மூன்று கேள்வியைத் தனித்தனியாகக் கேட்க இது போதும். கால்குலேட்டர் நம் பையிலேயே இருக்கிறது. இன்று இரவே உங்கள் வீட்டுக்கு உரிய r, A இரண்டையும் வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள்.